லோடிங் திரையில் மட்டும் மினுங்கும் மானிட்டர்

சேவ் செய்துவைத்த ஆட்டத்தைத் திறக்கிறோம். கருஞ்சாம்பல் நிற மூட்டம், கீழ் மூலையில் சுழலும் ஒரு சின்ன வட்டம். அந்த மூட்டம் முழுவதும் படபடவென்று துடிக்கிறது. யாரோ விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து விளையாடுவதுபோல இருக்கிறது. இருபது விநாடி கழித்து ஆட்டம் தொடங்கியதும் துடிப்பு நின்றுவிடுகிறது. மேப்பைத் திறந்தால் ஒரு முறை மினுங்குகிறது, மூடினால் இன்னொரு முறை.

என் ஓஎல்இடி மானிட்டரில் இதை முதலில் பார்த்தபோது பேனல் போய்விட்டது என்றே நினைத்தேன். கேபிளை மாற்றினேன். கிராபிக்ஸ் டிரைவரை முழுதாக நீக்கிவிட்டு மறுபடி போட்டேன். எதுவும் மாறவில்லை. கடைசியில் மானிட்டரின் சொந்த மெனுவில் இருந்த ரெஃப்ரெஷ் ரேட் காட்டும் எண்ணைத் திரையின் ஓரத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். விளையாடும்போது அது 118, 121, 117 என்று நிதானமாக நகர்ந்தது. லோடிங் திரை வந்ததும் 240, 52, 198, 61 என்று துள்ளியது. எண் துள்ளுகிற அதே கணத்தில்தான் மூட்டமும் துடித்தது. காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது.

விஆர்ஆர் என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் வசதி, ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் என எந்தப் பெயரில் வந்தாலும், செய்வது ஒரே வேலைதான். கிராபிக்ஸ் கார்டு ஒரு ஃப்ரேமை முடித்துத் தரும்வரை மானிட்டர் காத்திருக்கிறது, ஃப்ரேம் வந்ததும் திரையைப் புதுப்பிக்கிறது. படம் கிழியாமலும் திக்காமலும் ஓடுவது இதனால்தான். ஆனால் ஒரு புதுப்பிப்புக்கும் அடுத்த புதுப்பிப்புக்கும் இடையிலான நேரம் இப்போது ஒரே அளவாக இருக்காது. ஒரு முறை 4 மில்லிசெகண்ட், அடுத்த முறை 20 மில்லிசெகண்ட் என்றுகூட ஆகலாம்.

பிக்சலுக்கு இந்த இடைவெளி மாறுவது ஒத்துவருவதில்லை. எல்சிடி பேனலில் ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் பிக்சலுக்குள் ஒரு சிறு மின்னழுத்தம் ஏற்றிவைக்கப்படுகிறது. அடுத்த புதுப்பிப்பு வரும்வரை அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. இடைவெளி நீண்டால் கசிவு அதிகம், அதனால் வெளிச்சமும் மாறும். விஏ வகைப் பேனல்களில் இது கண்ணில் படும் அளவுக்கு இருக்கும், ஐபிஎஸ்ஸில் பெரும்பாலும் குறைவு. ஓஎல்இடியில் கதை வேறு. அங்கே பிக்சல் தானே ஒளிவிடுகிறது. ஒவ்வொரு முறை புதுப்பிக்கப்படும்போதும் அதன் ஒளி கணநேரம் தாழ்ந்து எழுகிறது. விநாடிக்கு 50 முறை தாழ்வதும் 240 முறை தாழ்வதும் சராசரியில் ஒரே வெளிச்சத்தைத் தராது. பேனலின் காமா அளவீடு ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குப் பார்த்து அமைக்கப்பட்டது. அந்த வேகத்தை விட்டு விலகும்போது சாம்பல் நிறங்கள் தங்கள் இடத்திலிருந்து கொஞ்சம் நகர்கின்றன.

இந்த நகர்வு எல்லா நிறத்திலும் சமமாகத் தெரியாது. பளிச்சென்ற வெள்ளையில் ஒரு சிறு மாற்றம் நம் கண்ணுக்கு எட்டாது. கருஞ்சாம்பலில் அதே அளவு மாற்றம் பெரிதாகத் தெரியும், ஏனென்றால் அங்கே மொத்த ஒளியே கொஞ்சம்தான். ஓஎல்இடியில் முழுக் கறுப்பு மட்டும் தப்பித்துக்கொள்கிறது, அங்கே பிக்சல் அணைந்தே கிடக்கிறது, மினுங்குவதற்கு ஒன்றுமில்லை. உங்கள் மானிட்டரில் இதை நேரில் பார்க்கலாம். தூய கறுப்புப் பின்னணியில் ஓர் எழுத்து மட்டும் உள்ள லோடிங் திரை அமைதியாக இருக்கும். புகைமூட்டமோ, மங்கலாக்கிய குகைப் படமோ பின்னணியாக உள்ள திரை துடிக்கும். இரண்டிலும் ரெஃப்ரெஷ் ரேட் ஒரே மாதிரிதான் துள்ளிக்கொண்டிருக்கும்.

லோடிங் திரையில் என்ன நடக்கிறது

குறைந்த எஃப்பிஎஸ்தான் மினுக்கத்துக்குக் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் சீராக 30 எஃப்பிஎஸ் ஓடும் ஒரு மெனு மினுங்குவதில்லை. வேகம் ஒரே இடத்தில் நின்றால் வெளிச்சமும் ஒரே இடத்தில் நிற்கும். வேகம் சட்டென்று மாறுவதும், மாறிக்கொண்டே இருப்பதும்தான் கண்ணை உறுத்துகின்றன.

லோடிங் திரை அந்த மாற்றத்தைத் தொழிற்சாலைபோல உற்பத்தி செய்யும் இடம். அங்கே வரைய வேண்டியது ஒரு படமும் ஒரு சுழல்வட்டமும் மட்டுமே. அதனால் கிராபிக்ஸ் கார்டு ஒரு ஃப்ரேமை ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவாக முடித்துவிடும். அதே நேரத்தில் பிராசஸர் ஃபைல்களைப் பிரித்துக்கொண்டு, ஷேடர்களைத் தயார் செய்துகொண்டு மூச்சுமுட்ட ஓடுகிறது. ஒரு பெரிய ஃபைல் வந்ததும் ஃப்ரேம் அனுப்பும் வேலையே சற்று நின்றுபோகிறது. அது முடிந்ததும் ஃப்ரேம்கள் மறுபடி மானிட்டரின் உச்ச வேகத்தில் பாய்கின்றன. மெனுக்களில் இவ்வளவு அமளி இல்லை. 90 எஃப்பிஎஸ்ஸில் ஓடிய ஆட்டத்திலிருந்து எளிய மெனுவுக்குத் தாவும்போது வேகம் ஒரே எட்டில் 240-க்கு ஏறுகிறது, மூடும்போது இறங்குகிறது. அந்த ஏற்றமும் இறக்கமும்தான் மேப்பைத் திறக்கும்போது தெரிகிற ஒற்றை மினுக்கம்.

இதில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. ஒவ்வொரு மானிட்டருக்கும் விஆர்ஆர் வரம்பு ஒன்று உண்டு. என்னுடையது 48 முதல் 240 ஹெர்ட்ஸ் வரை. 48 என்றால், ஒரு ஃப்ரேமை அதிகபட்சம் 20.8 மில்லிசெகண்ட் மட்டுமே அப்படியே வைத்திருக்க முடியும். அதற்குள் அடுத்த ஃப்ரேம் வராவிட்டால், பழைய ஃப்ரேமையே மறுபடி காட்டியாக வேண்டும். இந்த ஏற்பாட்டை எல்எஃப்சி என்பார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் எல்லைக்கோட்டில் ஆபத்தானது. 49 எஃப்பிஎஸ் வரும்போது மானிட்டர் 49 ஹெர்ட்ஸில் ஓடும். 47-க்கு இறங்கினால் ஒவ்வொரு ஃப்ரேமும் இரண்டு முறை காட்டப்பட்டு, மானிட்டர் 94-க்குப் போய்விடும். ஆட்டத்தில் இரண்டே ஃப்ரேம் வித்தியாசம், பேனலுக்கு அது இரட்டிப்பு. எஃப்பிஎஸ் 48-ஐச் சுற்றி ஊசலாடும் காட்சிகள் விளையாடும்போதே மினுங்குவது இதனால்தான்.

ஒரு லோடிங் திரையை மில்லிசெகண்டில் பார்த்தால்

ஓர் உதாரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 48–240 வரம்புள்ள மானிட்டரில், அடுத்தடுத்த ஃப்ரேம்களுக்கான நேரம் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 4.2, 4.2, 61, 4.2, 33, 4.2 மில்லிசெகண்ட். லோடிங் திரைக்கு இது சாதாரணமான வரிசை. CapFrameX போன்ற கருவியில் பதிவு செய்தால் உங்கள் ஆட்டத்திலும் இதே வடிவம், தட்டையான கோட்டில் அங்கங்கே ஈட்டி நட்டதுபோலத் தெரியும்.

முதல் இரண்டு ஃப்ரேமும் 4.2 மில்லிசெகண்டில் கடந்துவிடுகின்றன, பேனல் 240 ஹெர்ட்ஸில் இருக்கிறது. அப்புறம் 61 மில்லிசெகண்ட் எதுவும் வரவில்லை. பேனல் 20.8 காத்திருந்து பழையதைக் காட்டுகிறது, மறுபடி 20.8, அப்புறம் சுமார் 19 கழித்துப் புதிய ஃப்ரேம் வருகிறது. உடனே ஒரு 4.2. அடுத்து 33-ஐக் கடக்க ஒரு 20.8, ஒரு 12. டிரைவருக்கு டிரைவர் இந்த மறுகாட்டல் நேரங்கள் கொஞ்சம் மாறும், ஆனால் உருவம் இதுதான். ஒரு புதுப்பிப்பின் ஆயுள் 4.2-க்கும் 20.8-க்கும் நடுவே ஐந்து மடங்கு ஊசலாடுகிறது. சாம்பல் மூட்டம் துடிப்பது இந்த ஊசலைத்தான்.

இப்போது இரண்டு மாற்றங்கள் செய்கிறோம். எஃப்பிஎஸ்ஸுக்கு 120 என்று உச்சவரம்பு வைக்கிறோம். விஆர்ஆர் வரம்பின் கீழ் எல்லையை 48-லிருந்து 100-க்கு உயர்த்துகிறோம். 100 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு ஃப்ரேமை 10 மில்லிசெகண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதே லோடிங் திரையில் வேகமான ஃப்ரேம்கள் இனி 4.2 இல்லை, 8.3 மில்லிசெகண்டுக்கு ஒன்றாக வருகின்றன. 61 மில்லிசெகண்ட் பள்ளத்தைப் பேனல் பத்துப் பத்தாக ஆறு முறை கடக்கிறது. ஐந்து மடங்காக இருந்த ஊசல் பெரும்பாலும் 8.3-க்கும் 10-க்கும் நடுவே அடங்கிவிடுகிறது.

முழுதாக அடங்கிவிடுகிறதா என்றால், இல்லை. ஆறாவது மறுகாட்டல் தொடங்கி ஒரு மில்லிசெகண்டில் புதிய ஃப்ரேம் வந்து நிற்கிறது. தொடங்கிய புதுப்பிப்பை மானிட்டரால் பாதியில் விட முடியாது, அது முடிய 4.2 மில்லிசெகண்ட் ஆகும். அதனால் புதிய ஃப்ரேம் சுமார் 3 மில்லிசெகண்ட் தாமதமாகத் தெரியும், அந்த ஒரு இடத்தில் குட்டையான புதுப்பிப்பு ஒன்றும் நுழையும். அது எப்போதாவது ஒரு மெல்லிய மினுக்கமாகத் தெரியலாம். முன்பிருந்த படபடப்போடு ஒப்பிட்டால் நான் அதை மனமாரப் பொறுத்துக்கொள்வேன்.

எங்கிருந்து தொடங்குவது

முதலில் குற்றவாளி விஆர்ஆர்தான் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். மானிட்டர் மெனுவில் அதை அணைத்துவிட்டு அதே சேவ் ஃபைலை மறுபடி திறக்க வேண்டும். மினுக்கம் போய்விட்டால் தொடர்ந்து படியுங்கள். போகவில்லை என்றால் காரணம் வேறு: கேபிள், பின்னொளி, எல்சிடியாக இருந்தால் லோக்கல் டிம்மிங். ஃபோன் கேமராவில் படம்பிடித்து முடிவுக்கு வராதீர்கள். கேமராவின் ஷட்டர் வேகமும் பேனலின் வேகமும் மோதி, கண்ணுக்கே தெரியாத பட்டைகளையெல்லாம் அது காட்டும்.

உச்சவரம்பு வைப்பது சுலபமான வேலை. ஆட்டத்தின் அமைப்புகளில் மெனுவுக்கென்று தனி எஃப்பிஎஸ் வரம்பு இருந்தால் அதுவே முதல் தேர்வு. இல்லாவிட்டால் `NVIDIA Control Panel`-இல் `Max Frame Rate`, அல்லது RTSS என்னும் நிரலில் `Framerate limit`. எண்ணை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஆட்டத்துக்குள் உங்கள் கார்டு பெரும்பாலான நேரம் எட்டுகிற வேகத்தை வையுங்கள். ஆட்டம் 90-இல் ஓடினால் 90. அப்போது மெனுவும் 90-இல்தான் ஓடும், மேப்பைத் திறந்து மூடும்போது தாண்டுவதற்குப் படியே இருக்காது. மெனு மினுக்கத்துக்கு இந்த ஒன்றே பெரும்பாலும் போதும். ஏஎம்டி கார்டில் Radeon Chill பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கை ஓய்ந்திருக்கும்போது எஃப்பிஎஸ்ஸைக் குறைத்து, அசைந்ததும் கூட்டுவதுதான் அதன் வேலை. மெனுவில் நின்று யோசிக்கும்போது மினுங்குவதற்கு அதுவே காரணமாகிவிடும். அதில் குறைந்தபட்சத்தையும் அதிகபட்சத்தையும் ஒரே எண்ணாக வைத்தால் வெறும் உச்சவரம்பாக வேலை செய்யும்.

லோடிங் திரைக்கு உச்சவரம்பு மட்டும் போதாது. அது மேல்பக்கத்தைத்தான் அடக்கும், 61 மில்லிசெகண்ட் பள்ளத்தை அதனால் நிரப்ப முடியாது. அங்கேதான் கீழ் எல்லையை உயர்த்தும் வேலை வருகிறது. முதலில் மானிட்டரின் சொந்த மெனுவைத் தேடிப் பாருங்கள். சில ஆசுஸ் மானிட்டர்களில் `OLED Anti-Flicker` என்றும், சாம்சங் ஒடிஸி வரிசையில் `VRR Control` என்றும் இதற்கான அமைப்பு உண்டு. இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், ஆட்டத்தில் தாமதம் கூடுகிறதா என்று மட்டும் கையால் உணர்ந்து பாருங்கள்.

அப்படி எதுவும் இல்லாத விண்டோஸ் பயனருக்கு CRU என்னும் சிறிய இலவச நிரல் இருக்கிறது. மானிட்டர் தன்னைப்பற்றி கணினிக்குச் சொல்லும் விவரத்தை, விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் மாற்றி எழுதுவது அதன் வேலை. மானிட்டருக்குள் எதுவும் மாறுவதில்லை. நிரலைத் திறந்து, மேலே உங்கள் மானிட்டரைத் தேர்ந்து, இருக்கும் விவரத்தை முதலில் `Export` செய்து பத்திரப்படுத்துங்கள். பிறகு வரம்பைக் காட்டும் `V rate (Hz)` கட்டத்தில் 48 என்பதை மாற்றி எழுதிவிட்டு, உடன் வரும் ஃபைலை ஓட்டினால் டிரைவர் புதிதாகத் தொடங்கும்:

```
restart64.exe
```

எழுதும் எண்ணுக்கு ஒரு நிபந்தனை உண்டு. மேல் எல்லை, கீழ் எல்லையைப்போல் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் அதிகமாகவாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஃப்ரேமை இரட்டிப்பதற்கு இடம் கிடைக்காமல் எல்எஃப்சி நின்றுபோகும். 240 மானிட்டரில் 100 தாராளம். 165-இல் 75, 144-இல் 65 என்று நிறுத்திக்கொள்வேன். பேராசைப்பட்டு 144 மானிட்டரில் 90 என்று எழுதினால், எஃப்பிஎஸ் 90-க்குக் கீழே இறங்கும்போதெல்லாம் படம் கிழியும் அல்லது திக்கும்.

மாற்றம் ஏறியதா என்பதைச் சோதிக்க அந்த ஓரத்து எண்ணையே பாருங்கள். ஆட்டத்தை 60 எஃப்பிஎஸ்ஸுக்குக் கட்டுப்படுத்தினால், முன்பு 60 காட்டிய மானிட்டர் இப்போது 120 காட்ட வேண்டும். இன்னமும் 60 என்றே காட்டினால் டிரைவர் உங்கள் திருத்தத்தைப் படிக்கவில்லை. வரம்பை ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் எழுதிவைத்திருக்கும் மானிட்டர்கள் உண்டு. ஏஎம்டி கார்டோடு எச்டிஎம்ஐயில் இணைத்திருந்தால், CRU-வில் `Extension blocks` என்னும் நீட்டிப்புப் பகுதிக்குள் ஃப்ரீசிங்குக்கென்று இருக்கும் தனிப் பதிவைத் திருத்த வேண்டும். திரை இருண்டுபோனால் பயப்பட வேண்டாம், சேஃப் மோடில் போய் `reset-all.exe`-ஐ ஓட்டிவிட்டுக் கணினியை மறுபடி தொடங்கினால் பழையபடி ஆகிவிடும்.

விஆர்ஆரையே விட்டுவிடலாமா

சில ஆட்டங்களுக்கு நான் அதைத்தான் செய்கிறேன். இருண்ட காட்சிகளும் அடிக்கடி லோடிங்கும் உள்ள கதை ஆட்டம் என்றால், அந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் விஆர்ஆரை நிறுத்திவிடுவேன். என்விடியாவில் `Manage 3D settings` போய், `Program Settings`-இல் ஆட்டத்தைத் தேர்ந்து, `Monitor Technology`-யை `Fixed Refresh` ஆக்கினால் போதும். ஏஎம்டியில் அந்த ஆட்டத்தின் பக்கத்திலேயே ஃப்ரீசிங்கை அணைக்கலாம். மினுக்கத்தை நூறு சதவீதம் ஒழிக்கும் வழி இது ஒன்றுதான், மற்றவை எல்லாம் குறைக்கும் வழிகள்.

இழப்பு எவ்வளவு என்று கேட்டால், அது மானிட்டரின் வேகத்தைப் பொறுத்தது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் வி-சிங்க் போட்டால், ஒரு நொடிப்பொழுது தவறிய ஃப்ரேம் 16.7 மில்லிசெகண்ட் காத்துக் கிடக்கும், திக்கல் நன்றாகவே தெரியும். 240-இல் அந்தக் காத்திருப்பு அதிகபட்சம் 4.2 மில்லிசெகண்ட்தான். இதோடு எஃப்பிஎஸ் வரம்பை 240 மீதியின்றி வகுபடும் எண்ணாக, அதாவது 120, 80 அல்லது 60 ஆக வைத்தால், கார்டு அந்த வேகத்தை விடாமல் தரும்வரை ஒவ்வொரு ஃப்ரேமும் சரியாக இரண்டு, மூன்று அல்லது நான்கு புதுப்பிப்புகளுக்கு நிற்கும். விஆர்ஆர் இல்லை என்பதே தெரியாது. வேகம் நிலையாக நிற்காத கனமான ஆட்டங்களிலும், எதிராளியோடு போட்டி போடும் ஆட்டங்களிலும் மட்டும் நான் விஆர்ஆரை விட்டுக்கொடுப்பதில்லை. அங்கே கீழ் எல்லையை உயர்த்திவைத்துவிட்டு, எஞ்சியிருக்கும் கொஞ்சம் மினுக்கத்தோடு விளையாடுகிறேன்.

டெஸ்க்டாப்பில் ஆட்டத்தின் லாஞ்சர் திறந்திருக்கும்போதே மினுங்குகிறது என்றால், அது சாளரங்களுக்கும் ஜி-சிங்க் இயங்குவதால் வருவது. `Set up G-SYNC` பக்கத்தில் `Enable for full screen mode` என்பதை மட்டும் வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் பார்டர்லெஸ் சாளரத்தில் ஓடும் சில ஆட்டங்களுக்கும் அதோடு விஆர்ஆர் போய்விடலாம், ஓரத்து எண்ணைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

CRU-வில் செய்த திருத்தம் மானிட்டரோடு மட்டுமல்ல, அது செருகியிருக்கும் இணைப்போடும் சேர்ந்தது. டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றினால் பழைய 48 திரும்பிவிடும். டிரைவரைச் சுத்தமாக நீக்கிப் புதிதாகப் போட்டாலும் அது அழிந்துபோகலாம். பல மாதம் அமைதியாக இருந்த லோடிங் திரை திடீரென்று மறுபடி துடித்தால், அந்த `V rate (Hz)` கட்டத்தைத்தான் நான் முதலில் திறந்து பார்ப்பேன்.